மூன்று பேர் என்றால் ஈச் அதர் எழுதக்கூடாதா? மெனேஜர் திருத்தி அனுப்பியிருக்கிறார்

பம்பலப்பிட்டிப் பூங்குயில்
வணக்கம் எல்லாருக்கும். கொள்ளுப்பிட்டியில் ஆடை ஏற்றுமதி சம்பந்தப்பட்ட ஒரு சின்ன ஒஃபிஸில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஒரு வாரம் லீவு, நான் பார்க்கிற ஃபைல்களை இரண்டு பேரிடம் ஒப்படைக்க வேண்டும், அதைப் பற்றி மெனேஜருக்கு நேற்று மூன்றே வரியில் ஒரு மெயில் போட்டேன். பெயர்களுக்குப் பதில் முதலெழுத்து மட்டும் வைத்து அப்படியே கீழே தருகிறேன்.

```
N., F. and I are helping each other with the July files.
Both of them have not confirmed the Saturday handover.
If anything is urgent next week, please call both of them.
```

சேர் முதல் வரியில் ஈச் அதரை வெட்டிவிட்டு சிவப்பில் வன் அனதர் என்று போட்டு, மூன்று பேர் என்றால் இதுதான் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, சரி, சனிக்கிழமை வருவது இரண்டு பேரில் யார் என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை, மெயிலைச் சரியாக வாசிக்காமல் கேட்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். என் சந்தேகம் முதல் வரிதான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. நான் எழுதியது உண்மையிலேயே பிழையா?

மருதானை மாஸ்டர்
பிழைதான் தங்கச்சி. இரண்டு பேர் என்றால் ஈச் அதர், மூன்றும் அதற்கு மேலும் என்றால் வன் அனதர். இருபது வருடமாக வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பரீட்சையில் இதற்கென்றே வெற்றிடம் நிரப்பும் கேள்வி வரும், மாற்றி எழுதினால் புள்ளி போகும். உங்கள் மெனேஜர் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். மற்ற இரண்டு வரியிலும் இலக்கணப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத் தம்பி
இதே மாதிரி எனக்கும் ஒரு திருத்தம் வந்தது அக்கா. கப்பல் ஏஜென்ட் ஒருவருக்கு இரண்டு டீமும் ஒருவரோடொருவர் பேசி வேலையைப் பார்க்கும் என்று சொல்ல இப்படி எழுதினேன்.

```
Our two teams will coordinate each other.
```

இரண்டு டீம், ஈச் அதர், மாஸ்டர் சொன்ன கணக்குப்படி எல்லாம் சரி. ஆனாலும் அந்தப் பக்கத்து ஆள் வட்டம் போட்டு அனுப்பிவிட்டார். ஏன் என்று சொல்லவும் இல்லை.

நைட் டெஸ்க்
கொழும்பில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பல வருடம் இரவு மேசையில் பிரதி திருத்திய ஆள் நான். இப்போது ஓய்வு.

தம்பியின் வரி சின்ன விஷயம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே ஈச் அதருக்கு முன்னால் வித் வேண்டும். தமிழில் ஒருவரோடொருவர் என்று சொல்லும்போது ‘ஓடு’ சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒருவருக்கொருவரில் ‘கு’வும் அப்படித்தான். அதனால் ஈச் அதர் என்றதுமே அந்த ‘ஓடு’ உள்ளே வந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் அது தனிச் சொல், தனியாகத்தான் எழுத வேண்டும். ஹெல்ப், சப்போர்ட், மீட் எல்லாம் நேராக ஆளைப் பிடிக்கிற வினைகள், அவற்றுக்கு வித் வேண்டாம். கோஒர்டினேட், கோஒபரேட், வேர்க் போன்றவற்றுக்கு வேண்டும். ஈச் அதர் இருக்கிற இடத்தில் ஒரு ஆளின் பெயரைப் போட்டு வாசித்துப் பாருங்கள், வித் தேவையா இல்லையா என்று காது சொல்லிவிடும்.

அப்புறம் பூங்குயிலின் மெயில். மாஸ்டர் சொல்லும் அந்த இரண்டு, மூன்று கணக்கு இருக்கிறது, ஆனால் அது மொழியின் சட்டம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இலக்கண நூல் எழுதியவர்கள் கொண்டுவந்தது. ஃபௌலர் 1926இல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு அகராதியிலேயே, இந்த வேறுபாட்டால் இன்றைக்குப் பயனும் இல்லை, பழைய வழக்கிலும் இதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். நல்ல எழுத்தாளர்கள் இரண்டு பேருக்கு வன் அனதரும், பத்துப் பேருக்கு ஈச் அதரும் எழுதியே வந்திருக்கிறார்கள். அதே நேரம் ஏபி செய்தி நிறுவனத்தின் கையேடு மாஸ்டரின் பக்கம்தான் நிற்கிறது, எங்கள் மேசையிலும் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றினோம். அதாவது, ஒரு ஒஃபிஸ் தனக்கு என்று வைத்துக்கொள்ளக்கூடிய விதி இது. மெனேஜர் கேட்டால் மாற்றிக்கொடுங்கள். மாற்றாமல் விட்டிருந்தாலும் வாசிக்கிறவர் ஒருவருக்கும் அர்த்தம் மாறியிருக்காது.

எனக்குப் பயமாக இருப்பது இரண்டாவது வரி. சனிக்கிழமை வருவது யார் என்று அவர் கேட்டாரே, அவர் மெயிலை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறார். நீங்கள் சொல்ல வந்தது என்ன? இரண்டு பேருமே இன்னும் சரி சொல்லவில்லை என்பதா?

பம்பலப்பிட்டிப் பூங்குயில்
ஓம் அக்கா, இரண்டு பேரும் சொல்லவில்லை. N. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், F. பதிலே போடவில்லை. அதைத்தானே எழுதியிருக்கிறேன்?

நைட் டெஸ்க்
தமிழில் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ‘இருவரும் உறுதிசெய்யவில்லை’ என்றால் நமக்கு ஒரே அர்த்தம்தான், ஒருவர்கூட இல்லை. அந்த ‘உம்’ இருவரையும் தனித்தனியாகப் பிடித்து, இவரும் இல்லை, அவரும் இல்லை என்று சொல்லிவிடும்.

ஆங்கிலத்தில் போத் அப்படி வேலை செய்யாது. போத் என்பது இரண்டையும் சேர்த்து ஒரு கட்டாகப் பிடிக்கிற சொல். அதோடு நொட் வந்தால் அந்தக் கட்டு முழுதாக இல்லை என்றுதான் பலருக்குக் கேட்கும். இருவரும் என்ற முழுமை வரவில்லை, அப்படியென்றால் ஒருவர் வந்திருக்க வேண்டும். உங்கள் சேர் அப்படி வாசித்துத்தான், யார் அந்த ஒருவர் என்று கேட்டிருக்கிறார்.

பத்திரிகையில் இருந்தபோது நிருபர்களின் பிரதியில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். போத் பார்ட்டீஸ் டிட் நொட் அக்ரீ என்று வரும். இரு தரப்பும் மறுத்ததா, ஒரு தரப்பு மட்டும் ஒத்துக்கொண்டதா, அல்லது இரண்டும் தங்களுக்குள் உடன்படவில்லையா? மூன்று விதமாகவும் வாசிக்கலாம். ஒவ்வொரு தடவையும் நிருபருக்கு டெலிஃபோன் எடுத்துக் கேட்டுத்தான் திருத்துவேன், ஊகித்துத் திருத்தியது இல்லை.

கொட்டாஞ்சேனைக் கணக்கு
நான் வங்கியில் இருக்கிறேன். எங்களுக்கு இதில் குழப்பமே இல்லை. கூட்டுக் கணக்கு திறக்கும்போது கையொப்ப அறிவுறுத்தல் எழுதி வாங்குவோம். ஐதர் டு சைன் என்றால் இருவரில் ஒருவர் வைத்தால் காசோலை போகும், போத் டு சைன் என்றால் இரண்டு கையொப்பமும் வேண்டும். ஐதர் என்றால் ஒன்று, போத் என்றால் இரண்டு, இவ்வளவுதான் விஷயம். கணவன் மனைவி வந்து, எங்களுக்கு எது நல்லது என்று கேட்டால், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் ஐதர் போடுங்கள் என்று சொல்வோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் போத் என்று கையெழுத்து வைத்துவிட்டு, கணவர் கட்டாருக்குப் போன பிறகு காசு எடுக்க முடியாமல் நான்கு மாதம் அலைந்தது.

ஆகவே பூங்குயிலின் மூன்றாவது வரியும் பிழை. அவசரம் என்றால் இருவரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள்.

பம்பலப்பிட்டிப் பூங்குயில்
ஐயோ, மூன்றாவதும் பிழையா. மேசையில் இருக்கிற ஆள் எடுத்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் எழுதினேன். அப்படியென்றால் இரண்டாவது வரியை இப்படி மாற்றினால் சரியா?

```
Either of them has not confirmed the Saturday handover.
```

துறைமுகத் தம்பி
எங்கள் ஒஃபிஸிலும் இப்படித்தான் எழுதுவோம். இது சரிதானே?

நைட் டெஸ்க்
கணக்கு சொன்ன மூன்றாவது வரித் திருத்தம் சரி. அங்கே ஐதர்தான் வர வேண்டும். யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்ற சுதந்திரம் அதில்தான் இருக்கிறது, போத் என்று எழுதினால் ஒழுங்கான மெனேஜர் ஒருவர் N.ஐயும் கூப்பிட்டு, அதே விஷயத்துக்காக F.ஐயும் கூப்பிடுவார், இரண்டு பேரும் ஒரே ஃபைலைத் திறந்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

ஆனால் ஐதர் என்றால் எப்போதும் ஒன்று என்று சொன்னீர்களே, அது வங்கிப் படிவத்துக்கு மட்டும் போதும். ஒன் ஐதர் ஸைட் ஒஃப் த ரோட் என்றால் வீதியின் இரு பக்கமும். அதைவிட முக்கியம், நொட்டுக்குப் பின்னால் ஐதர் வந்தால் அது எது ஒன்றும் இல்லை என்று இரண்டையும் தள்ளிவிடும். இந்த இரண்டு வரியையும் பாருங்கள்.

```
I have not heard from both of them.
I have not heard from either of them.
```

முதலாவதை வாசிப்பவர், ஒருவர் பேசிவிட்டார், மற்றவர்தான் பாக்கி என்று நினைக்கலாம். இரண்டாவதில் அந்த இடமே இல்லை, ஒருவரும் பேசவில்லை. நாம் தமிழில் ‘இருவரிடமிருந்தும் பதில் இல்லை’ என்று நினைத்துக்கொண்டு ‘உம்’முக்கு நேராக போத் போடுகிறோம், அந்த இடத்தில் ஆங்கிலம் ஐதர் கேட்கிறது.

பூங்குயில் எழுதிய புது வரியில் ஐதர் முன்னால் போய்விட்டது. நொட் முதலில் வர வேண்டும், ஐதர் அதற்குப் பின்னால்தான் நிற்கும். எழுவாயாக வாக்கியத்தின் தலையில் வைக்கவேண்டி வந்தால், நொட்டும் ஐதரும் சேர்ந்து நைதர் ஆகிவிடும். அப்புறம் வினையில் நொட் தேவையில்லை.

```
Neither of them has confirmed the Saturday handover.
```

ஹாஸ் என்று ஒருமையில் எழுதுங்கள். பேச்சில் ஹாவ் என்று நிறையப் பேர் சொல்வார்கள், ஒஃபிஸ் மெயிலில் ஒருமை பாதுகாப்பு.

மருதானை மாஸ்டர்
சரி, நைதர் எழுதினால் தெளிவு என்பதை ஏற்கிறேன், முதலில் இந்த வரியில் பிழை இல்லை என்று எழுதிவிட்டேன், இலக்கணத்தை மட்டும்தான் பார்த்தேன், அர்த்தத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஈச் அதர் விஷயத்தில் நான் அசையமாட்டேன். என் பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுத வேண்டும். எது விதி, எது பழக்கம் என்று வகுப்பில் பிரித்துச் சொல்லப் போனால் இரண்டிலும் குழம்பிப்போவார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் சரியாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். போத்தும் ஈச் அதரும் ஒரே வாக்கியத்தில் வேண்டாம். போத் ஒஃப் தெம் நோ ஈச் அதர் என்று மாணவர்கள் எழுதுவார்கள். ஒருவரையொருவர் தெரிய இரண்டு பேர் வேண்டும் என்பது ஈச் அதரிலேயே இருக்கிறது. தே நோ ஈச் அதர் போதும்.

நைட் டெஸ்க்
அது முழுக்கச் சரி மாஸ்டர். போத் இரண்டு பேர் என்கிறது, ஈச் அதர் அதை ஏற்கனவே சொல்லிவிடுகிறது, இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் ஒன்று மிகை. இரண்டு பேர் என்பதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும் என்றால் த டூ ஒஃப் தெம் என்று தொடங்கலாம்.

ஹட்டன்காரன் கொழும்பில்
கொஞ்சம் மாறிப் பேசுகிறேன், கோபிக்கவேண்டாம். போத் ஒஃப் தெம் ஹாவ் நொட் என்று இலங்கையில் எல்லாரும் எழுதுகிறார்கள். என் ஒஃபிஸில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறோம், எல்லாருக்கும் இருவரும் இல்லை என்றுதான் விளங்குகிறது. நாங்கள் இந்த மொழியை எத்தனையோ தலைமுறையாகப் பேசுகிறோம். எல்லாரும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்கிற ஒரு வரியை ஏன் பிழை என்று சொல்ல வேண்டும்? பூங்குயிலின் மெனேஜர் ஒருவர் மாற்றி வாசித்தார் என்பதற்காகவா?

இன்னொரு விஷயம். தமிழில் எப்போதும் ஒருவரும் இல்லை என்றுதான் அர்த்தம் என்று அக்கா சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்றால் மின்னுகிற எதுவும் பொன் இல்லை என்றா அர்த்தம்? மின்னுகிறதில் சிலது பொன் இல்லை என்றுதானே. ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பம் தமிழிலும் இருக்கிறது.

நைட் டெஸ்க்
பழமொழி நல்ல உதாரணம், ஆங்கிலத்திலும் அதே பழமொழி அதே அமைப்பில் இருக்கிறது, ஓல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நொட் கோல்ட். அங்கேயும் எல்லாம் பொன் அல்ல, சிலது பொன்தான் என்றே வாசிக்கிறார்கள். ஓலுக்கும் போத்துக்கும் நொட்டோடு இதே பழக்கம். எல்லாரும் வரவில்லை என்பது தமிழிலும் சொல்கிற தொனியைப் பொறுத்து இரண்டு பக்கமும் போகும், அதை ஏற்கிறேன். ஆனால் ‘இரண்டு பேரும் வரவில்லை’ என்று ஒருவர் சொல்லி, நீங்கள் ‘அப்போ யார் வந்தது’ என்று கேட்டதுண்டா? எனக்கு அது காதில் ஒட்டவில்லை.

இலங்கை ஆங்கிலம் பற்றி நீங்கள் சொன்னதை நான் தள்ளமாட்டேன். ஒஃபிஸுக்குள்ளே ஒருவருக்கொருவர் பழகிய ஆட்களிடம் அந்த வரி வேலை செய்யும். பூங்குயிலின் மெனேஜரும் கொழும்பு ஆள்தான் என்று நினைக்கிறேன், அவரிடமே அது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் என் பக்கம்.

ஹட்டன்காரன் கொழும்பில்
ஒரு ஆளிடம் ஒருதரம் வேலை செய்யாததால் வழக்கு மாறிவிடாது அக்கா. நான் என் கருத்தில்தான் நிற்கிறேன். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது நைதர் போடுவேன், அதில் தகராறு இல்லை.

பம்பலப்பிட்டிப் பூங்குயில்
வெள்ளிக்கிழமை மாலை எழுதுகிறேன், இப்போதுதான் காலி வீதி பஸ்ஸில் இருந்து இறங்கினேன்.

காலையில் சேரிடம் நேராகப் போய்க் கேட்டேன். நைட் டெஸ்க் அக்கா சொன்னதே நடந்திருக்கிறது. ஒருவர் வருகிறார், மற்றவர்தான் சந்தேகம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அது மட்டும் என்றால் பரவாயில்லை, யார் வருவது என்று நான் பதில் போடாததால், N. பழைய ஆள், அவர்தான் வருவார் என்று தானே முடிவெடுத்து, F.ஐ சனிக்கிழமை கட்டுநாயக்கவில் களஞ்சியத்துக்கு எண்ணிக்கை எடுக்கப் போகச் சொல்லிவிட்டார். F. அதற்குப் பிறகும் எனக்குப் பதில் போடாததற்குக் காரணமும் அதுதான், அவருக்கு வேறு வேலை கொடுத்தாயிற்று என்று எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். N.க்கோ வீட்டில் சரிவரவில்லை. நான் இன்றைக்குக் கேட்காமல் விட்டிருந்தால் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் மட்டும் ஃபைல்களோடு உட்கார்ந்திருப்பேன்.

சேர் F.இன் வேலையை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டார், N. பகல் வரைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் சரி சொல்வதற்கு முன்னால் நான் திருத்தி அனுப்பிய மெயில் இது.

```
N., F. and I are helping one another with the July files.
Neither of them has confirmed the Saturday handover yet.
I need both of them there, as each will take half the files.
From Monday, please call either of them if anything is urgent.
```

மூன்றாவது வரி புதிதாகச் சேர்த்தது. இருவரும் வர வேண்டும் என்பதை முதல் மெயிலில் நான் எங்கேயுமே சொல்லவில்லை என்று எழுதும்போதுதான் தெரிந்தது. போத் இங்கே சரிதானே அக்கா?

நைட் டெஸ்க்
சரி. நொட் இல்லாத வாக்கியத்தில் போத் தன் வேலையைச் சுத்தமாகச் செய்யும். ஆளுக்குப் பாதி என்பதற்கு ஈச் போட்டதும் நல்லது, போத் வில் டேக் ஹாஃப் என்று எழுதியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பாதியை எடுக்கிறார்களா என்று ஒரு கேள்வி வந்திருக்கும்.

மருதானை மாஸ்டர்
முதல் வரியில் வன் அனதர் போட்டது சந்தோஷம்.

துறைமுகத் தம்பி
ஒரு கடைசிக் கேள்வி. எங்கள் டீமில் அடுத்த மாதத்திலிருந்து மூன்று பேர். கையெழுத்துக்குக் கீழே ப்ளீஸ் கொன்டாக்ட் ஐதர் ஒஃப் அஸ் என்று எல்லா மெயிலிலும் தானாக வருகிற மாதிரி வைத்திருக்கிறோம். ஈச் அதரை மூன்று பேருக்கு எழுதலாம் என்றால் இதையும் அப்படியே விடலாமா?

நைட் டெஸ்க்
விடமுடியாது தம்பி. ஈச் அதருக்கு இருக்கிற அந்த நெகிழ்வு இங்கே இல்லை. போத்தும், இப்படித் தனியாக நிற்கிற ஐதரும் இரண்டு பேருக்கு மட்டும்தான். மூன்று பெயர் இருக்கிற கையெழுத்தில் ஐதர் என்று கண்டால் வாசிக்கிறவர் யார் அந்த இரண்டு பேர் என்று தேடுவார். எனி ஒஃப் அஸ் என்று மாற்றுங்கள். பெயர்களை வரிசையாக எழுதி ஐதர் ஏ, பி ஓர் சி என்று மூன்றுக்கும் எழுதுகிறவர்கள் உண்டு, அதைப் பிழை என்று நான் வெட்டியதில்லை, ஆனால் உங்கள் வரிக்கு அது பொருந்தாது.

துறைமுகத் தம்பி
மாற்றிவிட்டேன். கோஒர்டினேட்டுக்கு வித்தும் போட்டுவிட்டேன்.